உருசிய மொழியின் 'ஸ்யா' ஈறும் செயப்பாட்டு வினையும்

ஒருவன் இறந்த செய்தியை உருசிய மொழியில் மூன்று வாக்கியங்களாற் கூறலாம். மூன்றிலும் வருவது 'கொல்' என்னும் பொருளுடைய ஒரே வினைச்சொல். 'ஓன் பீல் உபீத்' என்றால், அவன் கொல்லப்பட்டான் என்பது பொருள். கொன்றது பகைவனாகலாம், இடியாகவும் இருக்கலாம், எவ்வாறாயினும் கொன்றது பிறிதொன்று. 'ஓன் உபீல் செபியா' என்றால், அவன் தன்னைத்தானே கொன்றான் என்பது பொருள். மூன்றாவது வாக்கியம் 'ஓன் உபீல்ஸ்யா' என்பது. பேச்சு வழக்கிற்குரிய இவ்வாக்கியத்தைக் கேட்கும் உருசியன், அம்மனிதன் கூரையிலிருந்தோ குதிரையிலிருந்தோ விழுந்து மாண்டான் என்று விளங்கிக்கொள்வான். இங்கே கொலையுமில்லை, தற்கொலையுமில்லை. கொன்றவன் என்று சுட்டத்தக்க எவனுமில்லை.

இம்மொழியைப் புதிதாகக் கற்பவர் கைக்கொள்ளும் சிறு நூல்கள் சில, 'ஸ்யா' என்னும் ஈறு வினையைச் செயப்பாட்டு வினையாக்கும் என்று கூறிவிடும். வேறு சில, 'ஸ்யா' என்பதற்குத் 'தன்னை' என்பதே பொருள் என்னும். முதல் விதியை நம்பியவர் மேற்காட்டிய மூன்றாம் வாக்கியத்தைக் 'கொல்லப்பட்டான்' என்று மொழிபெயர்த்து, நிகழாத கொலையொன்றை நிகழ்த்திவிடுவார். இரண்டாம் விதியை நம்பியவர் தவறி விழுந்தவன்மேல் தற்கொலைப் பழியைச் சுமத்துவார். இரு விதிகளும் முழுப் பொய்யல்ல. ஒவ்வொன்றும் 'ஸ்யா'வின் வரலாற்றில் ஒவ்வொரு கட்டத்தை மட்டும் பற்றிக்கொண்டு நிற்கின்றது. ஆகவே அவ்வரலாற்றை ஒருமுறை தொடக்கத்திலிருந்து நோக்குதல் வேண்டும்.

வடமொழி பயின்றோர் பரஸ்மைபதம், ஆத்மனேபதம் என்னும் பாகுபாட்டை அறிவர். வினையின் பயன் பிறரைச் சார்வதாயின் ஒருவகை விகுதியும், தன்னைச் சார்வதாயின் மற்றொருவகை விகுதியும் வரும் என்பது அதன் பழைய அடிப்படை. இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தின் மிகப் பழைய இயல்பாகிய இப்பாகுபாடு கிரேக்கத்திலும் உண்டு. உருசிய மொழி பிறந்த சிலாவியக் கிளையிலோ இவ்விகுதிகள், தனித்த சில சுவடுகளைத் தவிர, மறைந்தொழிந்தன. அவற்றின் இடத்தை நிரப்ப வந்தது விகுதியன்று; ஒரு சொல். 'தன்னை' என்று பொருள்படும் இரண்டாம் வேற்றுமைச் சுட்டுப்பெயரின் குறுகிய வடிவமே அது. வடமொழியில் 'ஸ்வ', 'ஸ்வயம்' என வருஞ் சொற்களோடு உறவுடைய இதுவே பின்னாளில் 'ஸ்யா' ஆயிற்று.

பழைய உருசிய மொழியில் இச்சொல் வினையோடு ஒட்டியதன்று. தனக்கென அழுத்தமின்றி, முன்னின்ற சொல்லோடு சேர்த்து ஒலிக்கப்படுவது அது; நம்மொழியில் 'உம்', 'ஓ' என்பன முன்னின்ற சொல்லைச் சார்ந்து ஒலிப்பதை ஒப்புநோக்கலாம். அதற்குரிய இடம், வாக்கியத்தின் முதல் அழுத்தச் சொல்லை அடுத்த இடம். வினை வாக்கியத்தின் இறுதியில் நின்றாலும் 'ஸ்யா' தொடக்கத்தில் முதற்சொல்லின் பின் நிற்கும். வினைக்கும் அதற்குமிடையே வேறு சொற்கள் பல வரலாம். நொவ்கொரொட் நகரின் ஈரமண்ணில் 1951ஆம் ஆண்டு யூலை 26இல் முதலாவது பூர்ச்சமரப்பட்டை மடல் அகழ்ந்தெடுக்கப்பட்டது. அதன்பின் இன்றுவரை ஆயிரத்துக்கு மேற்பட்டவை கிடைத்துள்ளன. வணிகரும் இல்லத்தரசியரும் கடன், திருமணம், வழக்கு என்பன பற்றி எழுதிய இம்மடல்கள் துறவிகளின் ஏட்டுநடையினின்றும் விலகியவை. 'ஸ்யா'வின் பழைய இயக்கத்தை இவற்றில் நேராகக் காணலாம். ('பூர்ச்சம்' என்னும் வடசொல்லும் அம்மரத்துக்கு உருசியர் வழங்கும் 'பெரியோசா' என்னும் பெயரும் ஒரு வேரின என்பதை இடையே குறித்து வைப்பாம்.)

இச்சிறுசொல்லின் இடம் ஒரு பெரிய வழக்கிலே சாட்சியாகவும் நின்றது. 1185ஆம் ஆண்டில் இகோர் என்னும் சிற்றரசன் நடத்திய படையெடுப்பைப் பாடும் பழைய உருசியக் காவியம் 1800இல் முதன்முதல் அச்சாயிற்று. அதன் கையெழுத்துப்படி 1812இல் மொஸ்கோ நகர் எரிந்தபோது அழிந்தது. மூலம் இல்லாமையால், 18ஆம் நூற்றாண்டில் எவரோ புனைந்த போலி அது என்று ஐயுற்றோர் பலர். பிரான்சிய அறிஞர் மசோனும், உருசிய வரலாற்றாசிரியர் சிமினும், 2003இல் நூல் வெளியிட்ட அமெரிக்கர் கீனனும் அவருட் சிலர். அதற்கு அடுத்த ஆண்டில் மொழியியலறிஞர் அந்திரேய் சலிஸ்னியாக் வெளியிட்ட நூலில், காவியம் பழமையானதே என்பதற்குக் காட்டிய முக்கிய சான்றுகளுள் ஒன்று 'ஸ்யா'. அது வினைக்கு முன் வரும் இடங்களும் பின் வரும் இடங்களும் 12ஆம் நூற்றாண்டுப் பேச்சுமொழியின் விதிகளோடு பொருந்துகின்றன. அவ்விதிகளை 18ஆம் நூற்றாண்டில் எவரும் வகுத்துக் கூறியிருக்கவில்லை. வகுக்கப்படாத விதியைப் போலி செய்வோன் எங்ஙனம் பிழையின்றிக் கடைப்பிடித்தான் என்பதே சலிஸ்னியாக் எழுப்பிய வினா.

நூற்றாண்டுகள் செல்லச் செல்ல இச்சொல் தன் உரிமையை இழந்தது. வினைக்குப் பின்னே நிற்றல் மேன்மேலும் வழக்காகி, 17ஆம் நூற்றாண்டின் முடிவுக்குள் அது வினையோடு பிரிக்கவியலாது ஒட்டிவிட்டது. போலந்து மொழியில் அதன் உடன்பிறப்பு இன்றும் இடம்பெயர்ந்து திரிகின்றது. உக்கிரேனிய மொழியின் தென்மேற்கு வழக்குகளிலும் அவ்வாறே. உருசிய மொழியில் ஒட்டு முடிந்ததாயினும் வடு மறையவில்லை. நம்மொழியிற்போலவே உருசிய மொழியிலும் இடம், எண் காட்டும் விகுதி வினையின் கடைசியில் வருவது இயல்பு. 'ஸ்யா' மட்டும் அவ்விகுதிக்கும் அப்பால், வெளிப்புறத்தில் நிற்கின்றது. வீடு முழுதும் கட்டியெழுப்பிய பின்னர்ச் சார்த்திய தாழ்வாரம் எவ்வாறு தன்னைக் காட்டிக்கொடுக்குமோ அவ்வாறே, இவ்வீறும் தான் பிற்காலத்து வந்து சேர்ந்தது என்பதைத் தன் இடத்தாலேயே காட்டுகின்றது.

ஒரு காலத்தில் 'ஸ்யா' செயப்படுபொருளாய் நின்ற சொல் என்பதை நினைவிற் கொண்டால், அதன் இன்றைய தொழில் எளிதில் விளங்கும். ஒரு வினைக்குரிய செயப்படுபொருளின் இருக்கையில் 'ஸ்யா' முன்னரே அமர்ந்துவிட்டது. ஆதலால் வேறொரு பொருள் இரண்டாம் வேற்றுமையில் வந்து அங்கே அமர்தல் பொதுவாக இயலாது. சிற்சில விதிவிலக்குகள் தவிர, 'ஸ்யா' பெற்ற வினை செயப்படுபொருள் குன்றிய வினையே. 'ஸ்யா' திட்டமாகச் செய்யும் வேலை இவ்வளவே. அடைபட்ட அவ்வினையை எவ்வாறு பொருள்கொள்வது என்பதை வினையின் இயல்பும் எழுவாயின் இயல்பும் தீர்மானிக்கும்.

'மீத்' என்றால் கழுவுதல். 'மீத்ஸ்யா' என்றால் உடல் கழுவுதல். மனிதர் வழக்கமாகத் தம்மேலேயே செய்யும் தொழிலாதலால் இங்கே 'தன்னை' என்னும் பழம்பொருள் நிலைத்தது. ஆனால் இத்தகைய வினைகள் மிகச் சிலவே: கழுவுதல், உடுத்தல், மழித்தல் போல்வன. பிறர்மேற் செய்வதே இயல்பான ஒரு தொழிலைத் தன்மேற் செய்தான் என்று கூறவேண்டின், 'செபியா' என்னும் அழுத்தமுடைய முழுச்சொல் வேண்டும். தன்னைக் கொல்லுதற்கு 'செபியா' வேண்டப்படுவதன் காரணம் இதுவே. முத்தமிடுதல் என்னும் வினையோடு 'ஸ்யா' சேர்ந்தால் ஒருவரையொருவர் முத்தமிடுதல் என்றாகும். கடித்தல் என்பதோடு சேர்ந்தால், 'இந்த நாய் கடிக்கும்' என்று அதன் குணத்தைக் கூறுவதாகும். நாய் தன்னைக் கடிப்பதுமில்லை, பிறராற் கடிக்கப்படுவதுமில்லை. அஞ்சுதல், சிரித்தல் என்பவற்றிலோ 'ஸ்யா' இல்லாத வடிவமே இன்றைய மொழியிற் கிடையாது.

இவை நிற்க. செயப்பாட்டு வினையோடு மயங்குதற்கு மிகவும் இடந்தருவது இன்னொரு வகை. அதை ஒரு கதவைக் கொண்டு நோக்குவாம். களஞ்சியமொன்றின் கதவு இரவிலே திறந்தது; காலையிற் பொருள்களைக் காணவில்லை; காவலாளி சாட்சி சொல்கிறான். அவன் 'த்வேர் ஒத்கிரீலஸ்' என்று சொன்னால், கதவு திறந்தது என்கிறான். 'ஸ்யா' உயிரெழுத்தின் பின் 'ஸ்' எனக் குறுகியுள்ளது. காற்றால் திறந்ததோ, பூட்டுப் பழுதோ, ஒருவன் திறந்தானோ என்பது அவன் கூற்றிலில்லை. நிகழ்ச்சி தானே நிகழ்ந்ததுபோல அவன் காட்டுகிறான். மாறாக 'த்வேர் பிலா ஒத்கிரீத்தா' என்று சொன்னால், கதவு திறக்கப்பட்டது என்று கொள்ள இடமுண்டு. திறந்தவன் பெயரை அவன் சொல்லாவிட்டாலும் ஒருவன் இருந்தான் என்பது அப்பொருளில் அடங்கும். (இவ்வாக்கியமே கதவு திறந்த நிலையிற் கிடந்தது எனவும் பொருள்படும், எது என்பதைச் சூழல் காட்டும்.) திருடன் உண்டா இல்லையா என்பதே வழக்கானால் இவ்விரு கூற்றுகளும் ஒன்றல்ல என்பது வெளிப்படை.

இவ்வேறுபாடு தமிழருக்குப் புதிதன்று. 'கண்ணாடி உடைந்தது', 'கண்ணாடி உடைக்கப்பட்டது' என்று நாம் இருவகையாகக் கூறுவோம். 'உடைந்தது' என்பது தன்வினை. 'உடைக்கப்பட்டது' என்பது 'உடைத்தல்' என்னும் பிறவினையின் வழிவந்த செயப்பாட்டு வினை. ஆதலின் உடைத்தவனை அது தன்னுள்ளே கொண்டிருக்கின்றது. உருசிய மொழி 'உடைத்தல்' போன்ற பிறவினையோடு 'ஸ்யா'வைச் சேர்த்து 'உடைதல்' போன்ற தன்வினையை ஆக்கிக்கொள்கின்றது. நாம் மெய்யெழுத்தின் மாற்றத்தாற் காட்டுவதை அவர்கள் ஈற்றாற் காட்டுகின்றனர். எனவே 'ஒத்கிரீலஸ்' என்பதற்கு நேரான தமிழ் 'திறந்தது' என்பதே, 'திறக்கப்பட்டது' என்பதன்று.

இரண்டையும் பிரித்தறிய எளிய சோதனை ஒன்று உண்டு. செய்தவனை மூன்றாம் வேற்றுமையிற் சேர்த்துப் பார்த்தல் வேண்டும். 'பிலா ஒத்கிரீத்தா' என்பதோடு 'காவலாளியால்' என்னும் சொல்லைச் சேர்த்தால் வாக்கியம் செவ்வனே நிற்கும். 'ஒத்கிரீலஸ்' என்பதோடு அதையே சேர்த்தால் உருசியர் காதுக்கு அது பிழையாகும். மறுதலையாக, 'தானாகவே' என்று பொருள்தரும் 'சமா' என்னும் சொல்லை 'ஒத்கிரீலஸ்' ஏற்கும். செயப்பாட்டு வாக்கியம் ஏலாது.

ஆயின், 'ஸ்யா' செயப்பாட்டுப் பொருளை ஒருபோதும் தாராதோ எனின், தரும். அதற்கும் ஓர் எல்லையுண்டு. உருசிய வினைகள் பெரும்பாலும் இரட்டையாக வருவன: ஒன்று தொழில் நிறைவெய்தியதைக் காட்டுவது, மற்றது தொழில் நடந்துகொண்டிருப்பதையோ பலகால் நிகழ்வதையோ காட்டுவது. முன்னையதை நிறைவு வினை எனவும் பின்னையதை நிறையா வினை எனவும் அழைப்பாம். நிறைவு வினைக்குச் செயப்பாட்டு எச்சமொன்று பழமையிலிருந்தே வலுவாக உண்டு. வீடு கட்டி முடிக்கப்பட்டது என்பதற்கு 'தோம் பொஸ்த்ரோயென்' என்பர். நிறையா வினையிலோ இத்தகைய எச்சம் நலிந்துவிட்டது. அரிதாக வரும் சில வடிவங்களும் ஏட்டுமணம் கமழ்வன. இவ்வெற்றிடத்திலேதான் 'ஸ்யா' புகுந்தது. 'தோம் ஸ்த்ரோயித்ஸ்யா ரபோச்சிமி' என்றால், வீடு தொழிலாளராற் கட்டப்பட்டு வருகின்றது என்பது பொருள். இங்கே மூன்றாம் வேற்றுமையில் நிற்கும் தொழிலாளர் செய்பவரே. சோதனையில் இவ்வாக்கியம் தேறுகின்றது. இது மெய்யான செயப்பாட்டு வினை.

நிறைவு வினையோடு 'ஸ்யா'வைச் சேர்த்தால் நிகழ்வதைப் பாருங்கள். 'ஓன் பொஸ்த்ரோயில்ஸ்யா' என்பதன் பொருள் அவன் கட்டப்பட்டான் என்பதன்று. அவன் தனக்கொரு வீடு கட்டிக்கொண்டான் என்பது. நம் 'கொள்' என்னும் துணைவினை இதற்கு மிக அணித்தாக வருகின்றது. ஆகவே கற்பவர் முதலிற் கேட்கவேண்டிய கேள்வி, இவ்வினை நிறைவு வினையா நிறையா வினையா என்பது. நிறைவு வினையாயின், மிகச் சிலவற்றைத் தவிர, 'ஸ்யா' செயப்பாடாகாது. நிறையா வினையாயின் ஆகலாம். அதிலும் எழுவாய் அஃறிணையாகவும் படர்க்கையாகவும் இருந்தால்தான் பெரும்பாலும் ஆகும். பாத்திரங்கள் 'கழுவப்படும்', பிள்ளைகளை எழுவாயாக்கி அதே வினையைக் கூறினால், அவர்கள் தாமே குளிக்கின்றனர் என்றுதான் கேட்பவர் கொள்வர்.

மேற்கூறிய சோதனையிலும் இடறுகல் ஒன்று கிடக்கின்றது. மூன்றாம் வேற்றுமை கண்டவிடமெல்லாம் செய்தவனைக் கண்டதாக எண்ணலாகாது. நிலம் பனியால் மூடுண்டது என்பதை நிறைவு வினையோடு 'ஸ்யா' சேர்த்தே கூறுவர். பனி அங்கே செய்பவனன்று, மூடிய பொருள். பனியின் இடத்தில் ஒரு மனிதனை வைத்துப் பார்த்தால் வாக்கியம் சிதைந்துவிடும். இன்னும், ஒருவன் வரலாற்றில் ஈடுபட்டிருக்கின்றான், ஒருத்தி தன் மகனைக் குறித்துப் பெருமைகொள்கின்றாள் என்னும் பொருளுடைய வினைகளும் 'ஸ்யா' பெற்று மூன்றாம் வேற்றுமையை வேண்டுவன. வரலாறு அவனை ஈடுபடுத்தவில்லை. மகன் அவளைப் பெருமைப்படுத்தவில்லை. அவை அவ்வினைகள் சார்ந்து நிற்கும் பொருள்கள் மாத்திரமே.

இத்துணை வேறுபாடுகளைக் கண்டுகொள்ள உருசிய இலக்கணகாரருக்கே நெடுங்காலம் சென்றது. மெலேத்தி ஸ்மொத்ரீத்ஸ்கி 1619இல் வெளியிட்ட சிலாவிய இலக்கணம், 1648இல் மொஸ்கோவில் மீண்டும் அச்சாகி, தலைமுறைகளுக்குப் பாடநூலாயிருந்தது. கிரேக்க, இலத்தீன் இலக்கணங்களின் அச்சிலே வார்க்கப்பட்ட அந்நூல், வினைக்கு ஐந்து பாடுகளை வகுத்தது. இலத்தீனில் செய்வினைக்கு எதிரே செயப்பாட்டு வினை தனி விகுதியோடு நிற்கின்றது. அவ்விகுதிக்கு இணையாகத் தோன்றத்தக்கது சிலாவியத்தில் 'ஸ்யா'. கிரேக்க வேதநூல்களைத் திருச்சபைச் சிலாவியத்தில் மொழிபெயர்த்தோர் செயப்பாட்டு வினைக்குப் பலவிடத்தும் 'ஸ்யா'வையே ஆண்டிருந்தமையும் இம்மயக்கத்துக்குத் துணைசெய்தது. 1755இல் எழுதிமுடித்த இலக்கணத்தில் லொமொனோசவ் பாடுகளை ஆறாக்கினார். ஐந்து ஆறானதைவிட முக்கியமானது, தன்னிடமே திரும்பும் வினையையும் ஒருவரோடொருவர் ஆற்றும் வினையையும் செயப்பாட்டினின்றும் பிரித்து அவர் தனித்தனியே நிறுத்தியமை. பேச்சுமொழியைக் கேட்ட காது அவருடையது.

பொருளை எண்ணிக்கொண்டே போனாற் பாடுகள் முடிவின்றிப் பெருகும் என்பதைக் கண்டவர் போர்த்துனாத்தொவ். உருசிய வினையின் பாடுகள் பற்றி 1899இல் வெளியான கட்டுரையில் அவர், 'ஸ்யா' உடைய வினை, 'ஸ்யா' இல்லாத வினை என்னும் வடிவ வேறுபாட்டையே அடிப்படையாகக் கொண்டு இரண்டு பாடுகளே உண்டு என்றார். 'ஸ்யா' வேறு, செயப்பாடு வேறு என்பதைத் தெளிவாக்கிய பெரும் அடி அது. எனினும் வழக்கு அதனோடு தீர்ந்துவிடவில்லை. 1950களில் வெளிவந்த அறிவியற் கழகத்தின் இலக்கணம் மூன்று பாடுகளைக் கொண்டது. 1980இல் வெளிவந்ததோ செய்வினை, செயப்பாட்டு வினை என இரண்டையே கொண்டு, 'ஸ்யா' வினைகளிற் பெரும்பாலானவற்றைச் செய்வினையின் பக்கமே சேர்த்தது. 'ஸ்யா'வைச் செயப்பாட்டின் அடையாளமாகத் தொடங்கிய ஆராய்ச்சி, அதனைப் பெரும்பாலும் மறுபக்கத்திற் கொண்டு நிறுத்தியதை நோக்குக.

இன்றும் செயப்பாட்டு 'ஸ்யா'வின் வாழிடம் ஆராய்ச்சிக் கட்டுரைகளும் அலுவலக அறிவித்தல்களுமே. சந்தையிலும் வீட்டிலும் பேசுவோர், 'வீடு கட்டப்படுகின்றது' என்னாது, எழுவாயின்றிப் பன்மை வினையால் 'வீடு கட்டுகிறார்கள்' என்றே கூறுவர். நம்மவர் பேச்சிலும் 'படு' அரிதே. திராவிட மொழிகளுக்கு முறையான செயப்பாட்டு வினை இல்லை என்று கால்டுவெல் 1856இலேயே எழுதிவிட்டார். அது முற்றிலும் சரியோ அன்றோ என்பது வேறு வழக்கு. ஆனால் உருசிய நூலொன்றைத் தமிழாக்கும்போது 'ஸ்யா' கண்டவிடமெல்லாம் 'பட்டது' என்று எழுதுபவர், இருமொழிகளின் இயல்பிலிருந்தும் ஒருசேர விலகுகின்றார் என்பதில் எனக்கு ஐயமில்லை.

முதலிற் கண்ட 'கொல்' என்னும் வினைக்கு நிறையா வடிவமும் உண்டு. அது 'ஸ்யா' பெற்று 'உபிவாத்ஸ்யா' என வரும். நிறையா வினையாதலால், மேற்கூறிய விதிப்படி இது செயப்பாட்டுப் பொருளைத் தரக்கூடியதே. எனினும் 'மாத் உபிவாயெத்ஸ்யா' என்று, தாயை எழுவாயாக்கி ஓர் உருசியன் கூறினால், அவளை எவரும் கொல்வதாக அவன் எண்ணுவதில்லை. இறந்த மகனை நினைந்து அவள் ஆற்றாது அழுகின்றாள் என்பதே அவன் சொல்வது.